மூன்று வேளையா, மூன்று நாளா? வெளிக்குப் போவதில் எது வழமை

"மூண்டு நாளா வெளிக்குப் போகல்ல கா, வயிறு கல்லு மாதிரிக் கிடக்கு." அமிர்தகழியிலோ மாமாங்கத்துப் பக்கத்திலோ ஒரு பார்மசியில் சற்று நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். அதை அடுத்து பேதி மாத்திரை கைமாறும். அவருக்கு உண்மையிலேயே மலச்சிக்கலா என்று யாரும் கேட்பதில்லை. தினமும் காலையில் போகாதவர் நோயாளி என்பது நம் வீடுகளில் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை.

மருத்துவம் சொல்வது வேறு. ஒரு நாளில் மூன்று தடவை போகிறவரும் ஒரு கிழமையில் மூன்று தடவை மட்டும் போகிறவரும் வழமையானவர்களே. இந்த எல்லைகள் ஒரு கணக்கெடுப்பிலிருந்து வந்தவை. லெனார்ட்-ஜோன்ஸ் உள்ளிட்ட ஐந்து மருத்துவர்கள் 1965ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் அதை வெளியிட்டார்கள். தொழிற்சாலைகளில் வேலை செய்த 1055 பேரிடமும் குடும்ப வைத்தியரிடம் வந்த 400 பேரிடமும் எத்தனை தடவை போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஏறக்குறைய எல்லாருமே, நூற்றுக்கு 99 என்ற அளவில், நாளுக்கு மூன்று தடவைக்கும் கிழமைக்கு மூன்று தடவைக்கும் இடையில் இருந்தார்கள். இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் எல்லை இதுதான்.

1992இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஹீட்டன் என்ற மருத்துவரின் குழு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. நினைவில் இருந்து சொல்லச் சொல்லாமல், போகும் ஒவ்வொரு தடவையையும் குறித்துவைக்கச் சொன்னார்கள். 24 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்ற ஒழுங்கு ஆண்களில் நூற்றுக்கு 40 பேருக்கும் பெண்களில் 33 பேருக்கும்தான் இருந்தது. நாம் வழமை என்று நினைக்கிற அந்த ஒழுங்கு பெரும்பாலானவர்களுக்கு இல்லை. பெண்களுக்கு இன்னும் குறைவு.

ஆனால் இவை வெள்ளைப் பாணும் இறைச்சியும் சாப்பிடும் ஊரின் கணக்குகள். சோறும் பருப்பும் கீரையும் சாப்பிடுகிறவர்களின் மலம் அளவில் கூடுதல், குடலில் தங்கும் நேரமும் குறைவு. இந்தியாவில் நடந்த கணக்கெடுப்புகளில் பெரும்பாலோர் நாளுக்கு ஒரு தடவையாவது போகிறவர்கள்தான். ஆகவே எங்கள் பகுதியில் நாளுக்கு இரண்டு தடவை போகிறவரைக் கண்டு வியக்கத் தேவையில்லை. அதேபோல, தினமும் போகிறவருக்கும் மலச்சிக்கல் இருக்கலாம் என்பதையும் இங்கே நினைவில் வைக்கவேண்டும். அரை மணித்தியாலம் முக்கி, ஆட்டுப் புழுக்கை போல நாலு துண்டு மட்டும் போய், இன்னும் மிச்சம் இருக்கிறது என்ற உணர்வோடு எழும்புகிறவர் தினமும் போனாலும் மலச்சிக்கல்காரர்தான். இரண்டு நாளைக்கு ஒரு தடவை சிரமமில்லாமல் போய் நிம்மதியாக எழும்புகிறவருக்கு அது இல்லை. எத்தனை தடவை என்பதைவிட எப்படிப் போகிறது என்பதைத்தான் மருத்துவர்கள் முதலில் கேட்பார்கள்.

அதைச் சொல்ல ஒரு அளவுகோலும் உண்டு. அதே பிரிஸ்டல் குழு மலத்தின் வடிவத்தை ஏழு வகையாகப் பிரித்தது. முதலாவது வகை தனித்தனிப் புழுக்கை. இரண்டாவது, புழுக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிய முண்டு முண்டான கட்டி. இவை இரண்டும் குடலில் அதிக நாள் தங்கித் தண்ணீர் வற்றியவை. மேலே வெடிப்பு விழுந்தது மூன்றாவது, வாழைப்பழம் போல வழுவழுப்பாக இருப்பது நாலாவது. இந்த இரண்டும்தான் நல்லவை. அதற்கு அப்பால் போகப் போக இளகி, ஏழாவதில் வெறும் தண்ணீர். வைத்தியரிடம் "சரியாப் போகுதில்ல" என்று மொட்டையாகச் சொல்வதைவிட, "கிழமைக்கு நாலு தரம், புழுக்கை மாதிரி, முக்கித்தான் போகுது" என்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். வெட்கம்தான் இங்கே பெரிய தடை.

வயிற்றோட்டத்துக்கும் இதே நியாயம். நாளுக்கு மூன்று தடவை கட்டியாகப் போனால் அது வயிற்றோட்டம் இல்லை. தண்ணீராக அல்லது இளகலாக, வழமையை மீறி, நாளுக்கு மூன்று தடவையோ அதற்கு மேலோ போனால்தான் அந்தப் பெயர். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை நாளுக்குப் பல தடவை இளகலாகப் போவதும் இயல்பு. ஒன்றரை மாதம் கடந்த பிறகு, சில குழந்தைகள் நாலைந்து நாள் போகாமல் இருந்துவிட்டு இளகலாகப் போவதும் இயல்புதான். குழந்தை பால் குடித்து, நிறை கூடி, வயிறு வீங்காமல் இருந்தால் பேதி கொடுக்கக்கூடாது.

பேதி செய்யும் கணக்குப் பிழை

ஒரு கணக்குக்காக 52 வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவருடைய இயல்பு இரண்டு நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் மூன்று நாளைக்கு ஒரு தடவை. சனிக்கிழமை நன்றாகப் போனார். ஞாயிறும் திங்களும் போகவில்லை. பயந்து திங்கள் இரவு பேதி மாத்திரை இரண்டு போட்டார். செவ்வாய் விடியத் தொடங்கி நாலு தடவை, கடைசியில் தண்ணீராகவே போனது. "அப்பாடா, எல்லாம் போயிற்று" என்றார். புதனும் வியாழனும் ஒன்றும் போகவில்லை. மருந்தை விட்டதும் குடல் திரும்பவும் கட்டிப்போனது என்று முடிவு கட்டி, வியாழன் இரவு மறுபடியும் இரண்டு மாத்திரை.

புதன், வியாழனில் உண்மையில் என்ன நடந்தது? வழமையாக வெளிக்குப் போகும்போது பெருங்குடலின் கடைசிப் பகுதிதான் காலியாகிறது. அதன் மேலே அடுத்த நாளுக்கும் அதற்கடுத்த நாளுக்கும் உரியது வரிசையில் காத்திருக்கும். இன்று சாப்பிட்ட சோறு நாளைக் காலையில் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். வாயிலிருந்து வெளியே வர ஒன்று முதல் மூன்று நாள் எடுப்பது சாதாரணம். இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு நேரம் அவித்த சோளத்தைச் சரியாக மெல்லாமல் சாப்பிட்டுவிட்டு, அந்த மணிகள் எப்போது மலத்தில் தென்படுகின்றன என்று குறித்தால் போதும். பேதி அந்த வரிசை முழுவதையும் ஒரேயடியாக வெளியேற்றிவிடுகிறது. குடல் திரும்ப நிரம்ப இரண்டு, மூன்று நாள் வேண்டும். இந்தப் பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் கூட எடுக்கும். ஆகவே புதனும் வியாழனும் போகாதது நோய் இல்லை, போவதற்கு உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. பொறுத்திருந்தால் வெள்ளி அல்லது சனி தானாகவே போயிருக்கும்.

ஆனால் அவர் பொறுக்கவில்லை. மாதக்கணக்கில் இப்படி நடந்தால், அவருடைய குடல் தன் சொந்தத் தாளத்தில் ஒரு தடவைகூடப் போயிருக்காது. தனக்கு மருந்தில்லாமல் முடியாது என்று அவர் நம்புவார். நம்புவதற்குச் சாட்சியாக ஒவ்வொரு கிழமையும் இருக்கும். இந்தச் சுழலில் இருந்து வெளியே வர ஒரு கொப்பி போதும். இரண்டு கிழமைக்கு, போன நாள், நேரம், மேலே சொன்ன ஏழில் எந்த வகை, முக்கினாரா, மிச்சம் இருப்பதுபோல இருந்ததா என்று எழுதவேண்டும். மருந்து போட்ட நாளை வேறு நிறத்தில் குறிக்கவேண்டும், ஏனென்றால் அந்த நாளும் அதற்கு அடுத்த மூன்று நாட்களும் கணக்கில் சேராது. மீதி நாட்களில் தெரிவதுதான் அவருடைய உண்மையான இயல்பு.

பேதி மருந்தே கெட்டது என்று சொல்ல வரவில்லை. உண்மையான மலச்சிக்கலுக்கு வைத்தியர் சொன்ன அளவில் மாதக்கணக்கில் எடுக்கும் மருந்துகளும் உண்டு, அவற்றால் குடல் 'சோம்பேறி' ஆகிவிடும் என்ற பயத்துக்கு வலுவான ஆதாரம் இல்லை. ஆபத்து, தண்ணீராகப் போகும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் பேதி குடிப்பதில்தான். உடம்பின் நீரும் பொட்டாசியம் உப்பும் இறங்கும். பிரஷருக்கோ இருதயத்துக்கோ 'தண்ணி மாத்திரை' எடுக்கும் முதியவர்களுக்கு அந்த உப்பு ஏற்கனவே குறைந்திருக்கலாம். களைப்பு, கால் பிடிப்பு, நெஞ்சுப் படபடப்பு அதன் அடையாளம். கடுக்காய், சூரத்தாவரை போன்ற நாட்டு மருந்து என்றாலும் தண்ணீராகப் போகும்வரை எடுத்தால் இதே விளைவுதான்.

அடக்கிவைத்த ஆண்டுகள்

மலம் கழிக்கும் உந்துதல் வந்தவுடன் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1990இல் ஜேர்மனியில் ஒரு சிறு சோதனையில் பார்த்தார்கள். 12 ஆரோக்கியமான ஆண்களை ஒரு கிழமைக்கு முடிந்தவரை அடக்கச் சொன்னார்கள். போகும் தடவை குறைந்ததோடு, குடலில் உணவு நகரும் வேகமும் குறைந்தது. மலக்குடலுக்கு மிக எட்டத்தில், வலப்பக்கப் பெருங்குடலில்கூட ஓட்டம் மந்தமானது. அவர்கள் யாருக்கும் நோய் இல்லை. மலச்சிக்கலைப் பழகிக்கொள்ள முடியும் என்பதே அதன் பொருள்.

இங்கே அந்தப் பழக்கத்தை யாரும் விரும்பிப் பழகவில்லை. வளவின் பின்பக்கம் தனியாக இருக்கும் கக்கூசுக்கு இரவில் போகப் பயந்த ஆண்டுகள் இருந்தன. சுற்றிவளைப்பு நாட்களில் விடியக்காலை வெளியே இறங்க முடியவில்லை. 2004 கடற்கோளுக்குப் பிறகு பாடசாலைகளிலும் கோயில் மடங்களிலும் தங்கியவர்களும், 2006, 2007இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மட்டக்களப்புக்கு இடம்பெயர்ந்தவர்களும் வரிசையில் நின்ற கக்கூசுகள் பலருக்குப் பொதுவானவை. அனர்த்த நிவாரணத்துக்கான ஸ்பியர் என்ற சர்வதேச அளவுகோல் 20 பேருக்கு ஒரு மலசலகூடமாவது வேண்டும் என்கிறது. நெரிசலான முகாமில் அதைக் கண்டவர் குறைவு. பெண்கள் இருட்டும்வரை அடக்கினார்கள். அடிக்கடி போகவேண்டி வரும் என்று தண்ணீரையும் குறைத்தார்கள். மலக்குடலில் தங்கும் மலத்திலிருந்து தண்ணீர் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும், அது இறுகும். மலக்குடல் விரிந்து பழகினால் 'வருகிறது' என்ற உணர்வும் மழுங்கும். பிறகு வீடு திரும்பி, கதவு போட்ட கக்கூசு கிடைத்தாலும், உந்துதல் முன்போல வராது.

இது பெரியவர்களின் கதை மட்டும் இல்லை. களனிப் பல்கலைக்கழகத்தின் ஷமன் ராஜிந்திரஜித், நிரங்கா தேவநாராயண ஆகியோர் இலங்கையில் ஐந்து பாடசாலைகளில் 10 முதல் 16 வயதுடைய 2699 பிள்ளைகளை ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மலச்சிக்கல் நூற்றுக்கு 15 பிள்ளைகளுக்கு இருந்தது. யுத்தம் பாதித்த பகுதியில் வாழ்ந்தவர்களில் அது 18, மற்றவர்களில் 14க்குச் சற்றுக் குறைவு. நெருங்கிய நண்பரைப் பிரிந்தது, பரீட்சையில் தவறியது, வீட்டில் ஒருவருக்குக் கடும் நோய், தாய் அல்லது தகப்பன் வேலை இழந்தது, பெற்றோரிடம் அடிக்கடி தண்டனை பெற்றது ஆகியவற்றோடும் தொடர்பு காணப்பட்டது. யுத்தம்தான் காரணம் என்று இந்தக் கணக்கு நிரூபிக்கவில்லை, இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்று மட்டும் சொல்கிறது. மன அழுத்தம் குடலை எட்டுவதும், பாடசாலைக் கக்கூசு அருவருப்பாக இருந்தால் பிள்ளை அடக்குவதும் சேர்ந்தே நடந்திருக்கலாம்.

அந்தப் பட்டியலில் தண்டனை இருப்பதை மட்டும் இங்கே நின்று பார்க்கவேண்டும். நீண்ட நாள் அடக்கிய பிள்ளையின் மலக்குடலில் கட்டி ஒன்று தேங்கும். மேலிருந்து வரும் இளகிய மலம் அந்தக் கட்டியைச் சுற்றிக் கசிந்து உடுப்பில் படும். பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது, விரிந்த மலக்குடலுக்கு உணர்வு குறைந்துவிட்டது. வீட்டில் இரண்டு தவறு நடக்கும். ஒன்று, 'இத்தனை வயதில் உடுப்போடு போறியா' என்று அடிப்பது. மற்றது, அதை வயிற்றோட்டம் என்று நினைத்து நிறுத்த மருந்து கொடுப்பது. அடி அடக்கலைக் கூட்டும், மருந்து கட்டியைப் பெரிதாக்கும். கண்டுபிடிக்கும் வழி இது: உடுப்பில் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கறை, இடைக்கிடை கக்கூசையே அடைக்கும் அளவு பெரிய கட்டி, கால்களைப் பின்னி மூலையில் விறைத்து நிற்பது, வயிற்றின் கீழ் இடப்பக்கம் கையில் தட்டுப்படும் உருண்டை. இந்தப் பிள்ளைக்கு முதலில் கட்டியை இளக்கி வெளியேற்றி, பிறகு மலத்தை மென்மையாக்கும் மருந்தை மாதக்கணக்கில் தினமும் கொடுக்கவேண்டும், வைத்தியரின் அளவில். சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து, பத்து நிமிடம் காலூன்றி அமரவைக்கவேண்டும். இரண்டு கிழமையில் சரியாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துவதால்தான் பெரும்பாலும் திரும்ப வருகிறது, விரிந்த மலக்குடல் சுருங்க மாதங்கள் வேண்டும். படுக்கையில் இருக்கும் முதியவருக்குத் திடீரென்று 'வயித்தால போறது' ஆரம்பித்தாலும் இதே கசிவா என்று முதலில் பார்க்கவேண்டும்.

உணர்வு மழுங்கிய பெரியவர்களுக்கு வழி எளிது, ஆனால் பொறுமை வேண்டும். காலைத் தேத்தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் பிறகு அரை மணித்தியாலத்துக்குள் பெருங்குடல் தானாக அசையும். அந்த நேரத்தைப் பிடித்து, வந்தாலும் வராவிட்டாலும் தினமும் அதே நேரம் ஐந்து நிமிடம் போய் அமரவேண்டும், முக்கக்கூடாது. குந்தி இருந்தால் மலக்குடலின் வளைவு நேராகும். முழங்கால் தேய்ந்தோ, காலை இழந்தோ கொமட் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிற காலை அல்லது கால்களை ஒரு சிறிய பலகையில் உயர்த்தி முன்னால் சாய்ந்தால் ஏறத்தாழ அதே பலன் கிடைக்கும். தவிட்டோடு சேர்ந்த சிவப்பரிசி, குரக்கன், கீரை, பயறு, பப்பாசி போன்றவை உதவும், ஆனால் ஒரே நாளில் கூட்டினால் வயிறு ஊதும். வெயிலில் வேலை செய்கிறவர், வாவியில் இரவு முழுவதும் வலை இழுக்கிறவர் தண்ணீரைக் கூட்டினால் பலன் கிடைக்கும். ஏற்கனவே போதிய அளவு குடிக்கிறவருக்கு இன்னும் இரண்டு போத்தல் குடிப்பதால் மலம் இளகாது, சிறுநீர்தான் கூடும்.

இப்படிச் செய்தும் மாறவில்லை என்றால் மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள். பழைய காயத்தின் நோவுக்குக் கொடுக்கும் டிரமடோல், கொடீன், நரம்பு நோவுக்கும் நித்திரைக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் மலத்தை இறுக்கும். நீங்களாக நிறுத்தாமல், இதை எடுக்கிறேன் என்று கிளினிக்கில் சொல்லவேண்டும். இரும்பு மாத்திரை மலத்தைக் கருப்பாக்கும், பீட்ரூட் சிவப்பாக்கும், இவை பயப்பட வேண்டியவை அல்ல. பயப்பட வேண்டியவை வேறு: இரத்தம், தார் போலப் பளபளக்கும் கருப்பு, காரணமில்லாமல் நிறை குறைவது, இரத்தச்சோகை, நித்திரையிலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம், 50 வயதைத் தாண்டிய ஒருவரின் நீண்டகால வழக்கம் சில கிழமைகளாக மாறி மாறாமலே இருப்பது. தினமும் இரண்டு தடவை போனவர் திடீரென்று மூன்று நாளைக்கு ஒரு தடவை ஆனால், அது 'வழமை எல்லைக்குள்' இருந்தாலும் காட்டவேண்டும். ஒப்பிட வேண்டியது அவருடைய பழைய தாளத்தோடு. வயிறு ஊதி, வாந்தியோடு, காற்றும் பிரியாவிட்டால் அன்றே ஆஸ்பத்திரி, அங்கே பேதி குடித்துவிட்டுப் போகக்கூடாது.

ஷெல் துண்டாலோ சன்னத்தாலோ முள்ளந்தண்டு பாதித்தவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. உந்துதல் வராது அல்லது அடக்க முடியாது. அவர்களுடைய வழமை, தாமே உண்டாக்கிக்கொள்ளும் அட்டவணைதான்: தினமும் அல்லது ஒன்றுவிட்ட ஒரு நாள், அதே நேரம், சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்து, கையுறை போட்ட விரலால் தூண்டி அல்லது எடுத்து. எது என்பது அடி பட்ட இடத்தின் உயரத்தைப் பொறுத்தது, வைத்தியசாலையில் கற்றுக்கொள்ளவேண்டும். காயம் நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே இருந்தால் வீட்டில் பராமரிப்பவர் ஒன்றைத் தெரிந்திருக்கவேண்டும். மலம் தேங்கினால் அவருக்கு வயிற்றுநோவு தெரியாது. அதற்குப் பதிலாகத் திடீரென்று தலை வெடிப்பது போன்ற வலி வரும், முகம் சிவந்து வியர்க்கும், பிரஷர் ஆபத்தான அளவுக்கு ஏறும். உடனே அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, இறுகிய உடுப்பைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, அடங்காவிட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். அங்கே போனவுடன் சொல்லவேண்டிய முதல் தகவல், அவர் கடைசியாக எந்த நாள் வெளிக்குப் போனார் என்பது.